பில்லில் தப்பு இருந்தால் கடைக்கு எப்படி எழுதுவது? சேலம் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பில்லில் தொகை கூடுதலாக இருக்கிறது. கடைக்கு ஒரு போன் போட்டுச் சொன்னால் போதாதா?

போன் போடுங்கள். ஆனால் அன்றைக்கே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.

இரும்புக் கடையில் உங்கள் போனை எடுப்பவர் கவுண்டரில் நிற்பவர். டேலியில் பில் போடுபவர் உள்ளே இருக்கும் வேறொருவர். அந்தப் பில்லை ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஏற்றுபவர் எங்கோ ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறார். "சரிங்க, பார்த்துடலாங்க" என்று கவுண்டரில் சொன்ன வார்த்தை மற்ற இரண்டு பேருக்கும் போய்ச் சேராது. மாதம் முடிந்து ரிட்டர்ன் போட்ட பிறகு கேட்டால், "யாருகிட்ட சொன்னீங்க?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். எழுத்தில் இருந்தால் அந்தத் தாள் மூன்று பேர் மேசைக்கும் போகும்.

வாட்ஸ்அப் போதுமா என்றும் கேட்பார்கள். செய்தியைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் போதும். ஆனால் அதையே கடையின் மெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது கடை ஓனரின் போனோடு நின்றுவிடும். ஆடிட்டர் ஆபீசுக்குத் தள்ளிவிட மெயில்தான் வசதி.

பில் தப்பா, நான்தான் தப்பாகக் கணக்குப் போடுகிறேனா? எதை வைத்து உறுதி செய்வது?

ஒரு உதாரணத்தையே கடைசி வரை எடுத்துக்கொள்வோம். சூரமங்கலத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டுக்குப் படிக்கட்டுக் கைப்பிடி போடும் வேலை. அதற்கு டவுனில் ஒரு மொத்தக் கடையில் எஸ்எஸ் 304 குழாய் எடுக்கிறார்கள். ஜூலை 24 தேதியிட்ட பில். சரக்கு மறுநாள் மினி லாரியில் நேராக மலைக்கே போய்விடுகிறது.

பில்லில் நான்கு வரிகள். 2 அங்குலக் குழாய் 30, எடை 454 கிலோ, கிலோ 260 ரூபாய். 1 அங்குலக் குழாய் 40, எடை 218 கிலோ, கிலோ 275 ரூபாய். அடித்தட்டு 60, ஒன்று 85 ரூபாய். ஏற்காடு வரை வண்டி வாடகை 2,500 ரூபாய். எல்லாவற்றுக்கும் 18 சதவீத வரி சேர்த்து 2,18,996 ரூபாய்.

கையில் மூன்று காகிதம் வேண்டும்: கடை கொடுத்த கொட்டேஷன், நீங்கள் அனுப்பிய ஆர்டர், சரக்கோடு வந்த டெலிவரி சலான். பில்லை இந்த மூன்றோடும் வரிவரியாக ஒப்பிடுங்கள். கடைசித் தொகையை மட்டும் ஒப்பிட்டால் எங்கே தப்பு என்று தெரியாது. சில சமயம் இரண்டு தப்புகள் எதிரும் புதிருமாக இருந்து ஒன்றையொன்று மறைத்துவிடும்.

நம் உதாரணத்தில் முதல் வரி சலானோடு ஒத்துப்போகவில்லை. குடோனில் எடை போட்டு எழுதிய சலானில் 2 அங்குலக் குழாய் 445 கிலோ. பில்லில் 454. வித்தியாசம் 9 கிலோ. இப்படி வித்தியாசம் 9 ஆகவோ 9ஆல் வகுபடுவதாகவோ இருந்தால், பில் போட்டவர் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரியும். 45 இங்கே 54 ஆகியிருக்கிறது.

ஆனால் சலான்தான் சரி என்பதற்கு என்ன ஆதாரம்? சலானை எழுதியவரும் அதே கடை ஆள்தானே. அங்கேதான் குழாயின் கணக்கு எடை கைகொடுக்கும். எஸ்எஸ் 304 வட்டக் குழாய்க்கு ஒரு மீட்டர் எடை தெரிய வேண்டுமென்றால், வெளி விட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, மறுபடி தடிமனால் பெருக்கி, 0.0249ஆல் பெருக்க வேண்டும். அளவுகள் மில்லிமீட்டரில், விடை கிலோவில்.

```
(50.8 - 2) x 2 x 0.0249 = 2.43
2.43 x 6.096 x 30 = 444.4
```

50.8 என்பது 2 அங்குல வெளி விட்டம், 2 என்பது தடிமன், இரண்டும் மில்லிமீட்டரில். 6.096 என்பது 20 அடி நீளம், மீட்டரில். 30 குழாய்க்கு 444 கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. சலானின் 445 பொருந்துகிறது. 454 வர வேண்டுமென்றால் குழாய் 2 மில்லியைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். அப்படித் தடிமனாக யாரும் சும்மா தருவதில்லை.

லாரியை எடை மேடையில் ஏற்றிய சீட்டை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். பெரிய எடை மேடைகள் 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் காட்டும். 9 கிலோ தகராறை அது தீர்க்காது.

சலானில் எழுதியிருக்கும் எடையே கணக்கு எடையைவிட ரொம்பக் குறைவாக இருந்தால்?

அது பில் தப்பு அல்ல, வேறு பிரச்சினை. அதே 30 குழாய் 402 கிலோ என்று வந்திருந்தால், குழாய் 2 மில்லி அல்ல, 1.8 மில்லி என்று அர்த்தம். எடைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்பதால் பில்லில் நஷ்டம் தெரியாது. ஆனால் மெல்லிய குழாய் கைக்கு வந்திருக்கிறது. பில்லைத் திருத்தச் சொல்லும் கடிதத்தில் இதைக் கலக்காதீர்கள். தடிமனுக்குத் தனியாக எழுதுங்கள், வெர்னியர் வைத்து எடுத்த அளவோடு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் கடைக்காரர் தடிமன் தகராறைப் பேசிப் பேசியே பில் விஷயத்தை ஆறப்போட்டுவிடுவார்.

ரேட் வித்தியாசத்தை எப்படிக் கேட்பது? எஸ்எஸ் ரேட் தினமும் மாறுகிறது என்கிறார்களே.

மாறத்தான் செய்கிறது. 304 ரகத்தில் நிக்கல் இருக்கிறது, நிக்கல் விலை ஏறினால் குழாய் விலையும் ஏறும். அதனால் கொட்டேஷனின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியை முதலில் படியுங்கள். "ரேட் 3 நாளைக்குச் செல்லும்" என்று இருக்கலாம். "டெலிவரி அன்றைய ரேட்" என்றும் இருக்கலாம். இரண்டாவது மாதிரி எழுதியிருந்து, நீங்களும் அதற்கு ஒப்புக்கொண்டு ஆர்டர் போட்டிருந்தால், கடைக்காரர் பக்கம்தான் நியாயம்.

நம் உதாரணத்தில் ஜூலை 21 கொட்டேஷனில் 1 அங்குலக் குழாய் கிலோ 265 ரூபாய், 5 நாளைக்குச் செல்லும். ஆர்டர் ஜூலை 22 அன்று போயிருக்கிறது, பில் 24 அன்று. கெடு தாண்டவில்லை. ஆகவே 275 என்பது தப்பு. கடிதத்தில் "ரேட் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று மட்டும் எழுதினால் அது வெறும் பேரம் மாதிரி ஆகிவிடும். கொட்டேஷன் தேதி, கெடு, ஆர்டர் தேதி மூன்றையும் ஒரே வரியில் எழுதினால் அதோடு பேச்சு முடிந்தது.

சரியாக இருக்கும் வரிகளையும் கடிதத்தில் எழுத வேண்டுமா? தப்பான இரண்டை மட்டும் எழுதினால் போதாதா?

நான்கையும் எழுதுங்கள். காரணம் இருக்கிறது. பில் போடுபவர் உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திருத்துவார். தப்பான வரி மட்டும் இருந்தால், மற்றவற்றைப் பற்றி உங்கள் நிலை என்ன என்று அவருக்குத் தெரியாது. அடித்தட்டு எண்ணிக்கையை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா, வண்டி வாடகைக்கும் தகராறு வருமா என்று ஓனர் யோசிப்பார். "அடித்தட்டு சரி, வாடகை சரி" என்று நீங்களே எழுதிவிட்டால், தகராறு எவ்வளவு சின்னது என்று அவருக்கே புரியும். ரெண்டு லட்சத்துச் சொச்சம் பில்லில் தகராறு ஐயாயிரத்துச் சொச்சத்துக்குத்தான். அதைப் பார்த்ததும் பெரும்பாலான ஓனர்கள் அன்றைக்கே முடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள்.

வரியின் பெயரைப் பில்லில் இருப்பது போலவே எழுதுங்கள். பில்லில் "எஸ்எஸ் பைப் 304 50.8 ஓடி" என்று இருந்தால் நீங்கள் "ரெண்டு இஞ்ச் குழாய்" என்று எழுதினால் தேடவேண்டி வரும்.

எதிர்பார்க்கும் தொகையை எப்படிப் போடுவது? வரியோடா, வரி இல்லாமலா?

இரண்டும் வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 9 கிலோவுக்கு 2,340 ரூபாய், ரேட் வித்தியாசத்துக்கு 218 கிலோவுக்குப் பத்துப் பத்தாக 2,180 ரூபாய், ஆக 4,520 ரூபாய் குறைக்கவும் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அந்த 4,520க்கு வசூலித்த 18 சதவீத வரியும் தப்பாக வசூலித்ததுதான். 813 ரூபாய் 60 காசு. சேர்த்து 5,333 ரூபாய் 60 காசு.

முழுக் கணக்கு இப்படி வரும்.

| வரி | பில்லில் உள்ளது | இருக்க வேண்டியது | வித்தியாசம் |
|---|---|---|---|
| 2 அங்குலக் குழாய் | 454 கிலோ × 260 = 1,18,040 | 445 கிலோ × 260 = 1,15,700 | 2,340 |
| 1 அங்குலக் குழாய் | 218 கிலோ × 275 = 59,950 | 218 கிலோ × 265 = 57,770 | 2,180 |
| அடித்தட்டு | 60 × 85 = 5,100 | 5,100 | இல்லை |
| வண்டி வாடகை | 2,500 | 2,500 | இல்லை |
| வரிக்கு முன் | 1,85,590 | 1,81,070 | 4,520 |
| சிஜிஎஸ்டி 9% | 16,703.10 | 16,296.30 | 406.80 |
| எஸ்ஜிஎஸ்டி 9% | 16,703.10 | 16,296.30 | 406.80 |
| மொத்தம் | 2,18,996.20 | 2,13,662.60 | 5,333.60 |

ரூபாய்க்கு முழுமைப்படுத்தினால் பில் 2,18,996, இருக்க வேண்டியது 2,13,663. இந்த இரண்டையும் கழித்தால் 5,333தான் வரும், 60 காசு காணாமல் போகும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கூடுதலாகப் போட்டதைக் குறைத்துக் கடை தரும் கிரெடிட் நோட் முழுமைப்படுத்தாத தொகைக்குத்தான் வரும்.

வண்டி வாடகைக்கும் 18 சதவீதமா என்று சிலர் புருவம் உயர்த்துவார்கள். சரக்கை விற்பவரே கொண்டுவந்து சேர்க்கும் செலவையும் பில்லில் போட்டால், அது சரக்கின் மதிப்போடு சேர்ந்துவிடும். சரக்குக்கு என்ன விகிதமோ அதே விகிதம். அது தப்பு இல்லை.

கடிதத்தை அப்படியே ஒரு மாதிரியாகக் காட்ட முடியுமா?

இதோ. பெயர்களையும் எண்ணையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: பில் எண் 318, தேதி ஜூலை 24 – இரண்டு வரிகளில் திருத்தம், கிரெடிட் நோட் வேண்டுதல்
>
> வணக்கம்.
>
> மேற்கண்ட பில்லுக்கான சரக்கு ஜூலை 25 அன்று ஏற்காடு சைட்டில் வந்து சேர்ந்தது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. பில்லை உங்கள் சலானோடும் கொட்டேஷனோடும் ஒப்பிட்டதில் இரண்டு வரிகள் மாறியுள்ளன.
>
> வரி 1, 2 அங்குலக் குழாய்: உங்கள் சலானில் 445 கிலோ, பில்லில் 454 கிலோ. 9 கிலோ கூடுதல். 260 ரூபாய் வீதம் 2,340 ரூபாய்.
>
> வரி 2, 1 அங்குலக் குழாய்: ஜூலை 21 கொட்டேஷனில் (5 நாள் கெடு) 265 ரூபாய், எங்கள் ஆர்டர் ஜூலை 22. பில்லில் 275 ரூபாய். 218 கிலோவுக்கு 2,180 ரூபாய் கூடுதல்.
>
> வரி 3 அடித்தட்டு 5,100 ரூபாயும் வரி 4 வண்டி வாடகை 2,500 ரூபாயும் சரி.
>
> ஆக வரிக்கு முன் 1,81,070 ரூபாய், 18% வரி 32,592.60, மொத்தம் 2,13,663 ரூபாய் என்று எதிர்பார்க்கிறோம். பில் தொகை 2,18,996. வித்தியாசமான 4,520 ரூபாய்க்கும் அதற்கான வரி 813.60 ரூபாய்க்கும் சேர்த்து 5,333.60 ரூபாய்க்கு கிரெடிட் நோட் அனுப்பவும்.
>
> உங்கள் ஜிஎஸ்டிஆர்-1 ஆகஸ்ட் 11க்குள் போட வேண்டியிருப்பதால், ஆகஸ்ட் 5 புதன்கிழமைக்குள் கிரெடிட் நோட்டோ எழுத்தில் பதிலோ வேண்டும். எங்கள் கணக்கில் ஏதாவது மாறியிருந்தால் எந்த வரி என்று சொல்லவும்.
>
> ஒப்புக்கொண்ட 2,13,663 ரூபாய் பேசிய தவணைப்படி வரும்.
>
> இணைப்பு: பில், சலான், கொட்டேஷன், ஆர்டர்.

கிழமையைக் காலண்டரில் பார்த்துச் சரியாக எழுதுங்கள். தேதியும் கிழமையும் ஒத்துவராத கடிதத்தைக் கண்டால், கணக்கையும் இவர் இப்படித்தான் போட்டிருப்பார் என்று தோன்றும். கடிதத்தில் "வேண்டுமென்றே", "ஏமாற்றி" போன்ற சொற்கள் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். இலக்கம் இடம் மாறியதற்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

பதில் தேதியை எப்படி முடிவு செய்வது? "உடனே" என்று போட்டால் ஆகாதா?

"உடனே" என்றால் அவருக்கு ஒரு அர்த்தம், உங்களுக்கு ஒரு அர்த்தம். தேதி போடுங்கள், அந்தத் தேதிக்கு ஒரு காரணமும் சொல்லுங்கள்.

காரணம் ஜிஎஸ்டி காலண்டரிலேயே இருக்கிறது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடை ஜூலை பில்களை ஆகஸ்ட் 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் காட்ட வேண்டும். வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியில் நீங்கள் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி 14ஆம் தேதி உருவாகும். 20ஆம் தேதிக்குள் நீங்கள் 3பி போட வேண்டும். ஆகவே 11க்கு ஒரு வாரம் முன்னால் பதில் வந்தால் அவர்கள் ஆடிட்டருக்கும் நேரம் இருக்கும். கடை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற வகையாக இருந்தால் (ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்) கெடு காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13. எந்த வகை என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஊர்க் காலண்டர். ஆடி மாதத்தில் சேலத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும். ஆடிப்பெருக்கும் ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வந்துவிடும். கடையில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள். அதனால்தான் கடிதத்தில் ஆகஸ்ட் 3 போடாமல் 5 போட்டேன். திருவிழா நாளைக் கெடுவாகக் கொடுத்தால் அது தவறிப்போவதற்கு நீங்களே வழி செய்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. விற்பவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், சரக்கை ஏற்றுக்கொள்வதில் ஆட்சேபம் இருந்தால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று எம்எஸ்எம்இடி சட்டம் சொல்கிறது. சொல்லாவிட்டால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள், பணம் கொடுக்க வேண்டிய கெடு அன்றிலிருந்தே ஓடும். எழுத்தில் பேசிக்கொண்டதாக எதுவும் இல்லை என்றால் அந்தக் கெடு 15 நாள், எழுத்தில் இருந்தாலும் 45 நாளைத் தாண்ட முடியாது. வெறும் வாங்கி விற்கும் கடைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் அடுத்த முறை நேராக மில்லிலிருந்து எடுக்கலாம் அல்லவா. சரக்கு ஜூலை 25 அன்று வந்திருந்தால் ஆகஸ்ட் 9க்குள் கடிதம் போயிருக்க வேண்டும்.

பில்லையே புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா, கிரெடிட் நோட்தான் கேட்க வேண்டுமா?

பில்லில் கியூஆர் குறியீடும் நீளமான ஐஆர்என் எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் உள்ள கடைகள் போட்டாக வேண்டியது. அதைப் போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். நேரம் கடந்துவிட்டால் வேறு வழியில்லை, கிரெடிட் நோட்தான். ரத்து செய்தாலும் அதே எண்ணில் மறுபடி போட முடியாது, புது எண் வரும்.

இ-இன்வாய்ஸ் இல்லாத சின்னக் கடை என்றால், ரிட்டர்ன் போடுவதற்கு முன் பழைய பில்லை ரத்து செய்து புதிது தருவது நடைமுறையில் உண்டு. ஆனால் பழைய பில் ரத்தானது என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் இரண்டு பில்லும் ரிட்டர்னில் ஏறி, உங்களிடம் ஒரே சரக்குக்கு இரண்டு தடவை பணம் கேட்டு நிற்பார்கள். என் விருப்பம் கிரெடிட் நோட்தான். பழைய பில் அப்படியே இருக்கும், எந்த பில்லுக்கு எவ்வளவு குறைந்தது என்று கிரெடிட் நோட்டிலேயே எண்ணோடு இருக்கும். பின்னாளில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பேனாவால் அடித்துத் திருத்தி ஒரு கையெழுத்து போட்டுத் தரும் பில்லை மட்டும் வாங்காதீர்கள். உங்கள் ஃபைலில் 2,13,663 இருக்கும், போர்ட்டலில் 2,18,996 இருக்கும்.

அதுவரை பணத்தை நிறுத்தி வைக்கலாமா?

முழுவதையும் நிறுத்தாதீர்கள். ஒப்புக்கொண்ட 2,13,663ஐத் தவணைப்படி கொடுத்துவிட்டு, பேங்க் குறிப்பில் பில் எண்ணை எழுதுங்கள். 5,333க்காக ரெண்டு லட்சத்தை வைத்துக்கொண்டால், அடுத்த ஆர்டருக்கு உங்கள் குழாய் மற்ற வண்டிகளுக்குப் பின்னால் நிற்கும்.

வரிக் கடன், அதாவது நீங்கள் கழித்துக்கொள்ளும் வரி விஷயத்தில் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பில் திருத்தப்படாத வரை 2பியில் வரி 33,406.20 என்றே தெரியும். உங்களுக்கு உரியது 32,592.60 மட்டும். முழுவதையும் எடுத்துவிட்டால், கிரெடிட் நோட் வரும்போது 813.60ஐத் திருப்ப வேண்டும்.

"அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பழகின கடையில் இப்படித்தான் சொல்வார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அடுத்த பில்லில் குழாய் விலையைக் குறைத்துப் போடுவது வேறு, இந்தப் பில்லின் ஜிஎஸ்டியைத் திருத்துவது வேறு. அடுத்த பில் எப்போது வரும் என்பதும் தெரியாது. "அண்ணே, கழிச்சுக்கிறது சரிதான், ஆனா கிரெடிட் நோட் போட்டுட்டு அதை அடுத்த பில்லுல வரவு வைங்க" என்று சொன்னால் அவருக்கும் சிரமம் இல்லை. காசு கையில் தர வேண்டியதில்லை, காகிதம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

சொன்ன தேதிக்குள் பதிலே வரவில்லை. இப்போது என்ன?

ஆகஸ்ட் 6 காலையில் அதே மெயிலுக்குப் பதிலாக இரண்டு வரி எழுதுங்கள். புதுக் கடிதம் வேண்டாம், பழையது அடியிலேயே இருக்கட்டும். இந்த முறை ஓனருக்கும், தெரிந்தால் அவர்கள் கணக்கருக்கும் சேர்த்து அனுப்புங்கள். 8ஆம் தேதி என்று மறு தேதி கொடுங்கள். அன்றே நேரில் போய் நில்லுங்கள், கடை டவுனில்தானே இருக்கிறது. பில் போடும் மேசைக்குப் போய்ச் சலானைக் காட்டினால் பத்து நிமிஷ வேலை.

ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் என்ற பக்கத்தில் பில்லை ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். கோபத்தில் நிராகரித்துவிடாதீர்கள். நிராகரித்தால் போவது 813 ரூபாய் அல்ல, அந்தப் பில்லின் வரிக் கடன் முழுவதும் உங்கள் 2பியில் இருந்து போய்விடும். கடை திருத்தி ஏற்றும் வரை காத்திருக்க வேண்டும். பெரிய தப்பு என்றால் நிலுவையில் வைக்கலாம். இந்த மாதிரிச் சின்னத் தப்புக்கு ஏற்றுக்கொண்டு கிரெடிட் நோட்டுக்காகத் துரத்துவதுதான் லாபம்.

ஜூலை ரிட்டர்ன் போய்விட்டாலும் கதவு மூடிவிடவில்லை. கிரெடிட் நோட்டை நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30க்குள், அல்லது கடை ஆண்டு ரிட்டர்ன் போடும் நாளுக்குள், எது முதலில் வருகிறதோ அதற்குள் ரிட்டர்னில் காட்டலாம். அதற்குப் பிறகு வரியைக் குறைக்க முடியாது. இந்தக் கெடுவைக் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் நவம்பர் 29 வரை நிம்மதியாக இருப்பார்.

மலையில் சரக்கு இறங்கும்போது என் ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதற்கப்புறம் எடையைக் கேட்க முடியுமா?

எதற்குக் கையெழுத்துப் போட்டான் என்பதைப் பொறுத்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வண்டியை ரிசார்ட் வாசலில் நிறுத்தி 30 குழாயை யாரும் எடை போடப் போவதில்லை. எண்ணத்தான் முடியும். ஆகவே சைட்டில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள்: சலானில் "எண்ணிக்கை சரி, எடை பார்க்கவில்லை" என்று எழுதி, தேதியோடு கையெழுத்து போடட்டும். அப்புறம் அந்தச் சலானைப் போனில் படம் எடுத்து அன்றைக்கே பட்டறைக்கு அனுப்பட்டும். சலான் மழையில் நனைந்து, டிரைவர் சட்டைப் பையில் மடிந்து, இரண்டு நாள் கழித்து வந்தால் 445ஆ 446ஆ என்றே படிக்க முடியாது.

நம் உதாரணத்தில் எடைத் தகராறே கடையின் சொந்தச் சலானுக்கும் கடையின் பில்லுக்கும் இடையில்தான். உங்கள் ஆளின் கையெழுத்து அதில் குறுக்கே வராது.

தப்பு எனக்குச் சாதகமாக இருந்தால்? 445க்குப் பதில் 405 என்று போட்டிருந்தால்?

அதையும் இதே மாதிரி, வரிவரியான கணக்கோடு எழுதிச் சொல்லுங்கள். அப்போது விட்டுப்போன தொகைக்குக் கடை டெபிட் நோட் போடும். வருஷக் கடைசியில் கடை இருப்பை எண்ணும்போது அந்த 40 கிலோ எப்படியும் வெளியே வரும். அதற்குள் நீங்கள் ரிசார்ட்டுக்கு உங்கள் பில்லையும் போட்டு முடித்திருப்பீர்கள்.